உங்கள் ஆய்வை ஊருக்குப் புரியும்படி எழுதுவது: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டது. துறைக்குள் நாலு பேர் படிப்பார்கள். ஆனால் அந்த ஆய்வு யாருடைய தண்ணீரைப் பற்றியதோ, யாருடைய வயலைப் பற்றியதோ அவர்களுக்கு அது போய்ச் சேராது. அவர்களுக்கும் புரிகிற மாதிரித் தமிழில் எழுத வேண்டும், 'இந்த விஷயம் என்றால் இவரைக் கேட்கலாம்' என்று நாலு இடத்தில் உங்கள் பெயர் தெரியவும் வேண்டும் என்று நினைக்கிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போகாமல் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர். ஓர் ஒன்றியத்தில் 60 ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரை மே மாதம் எடுத்து அதில் எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறது என்று அளந்திருக்கிறார். இந்த ஆசிரியரும் அவருடைய எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பிரச்சினை மட்டும் உண்மையானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதற்கு அது முக்கியமான காரணம்.

முதலில், ஒரே ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஆசிரியரின் கட்டுரையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. 60 கிணறுகளில் 21இல் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல். பைகார்பனேட் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அப்புறம், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூட அளவு பெரிதாக வேறுபடுகிறது. 200 மீட்டர் இடைவெளியில் ஒன்றில் 0.7, இன்னொன்றில் 2.6.

அவருக்குப் பெருமை இரண்டாவதில்தான். ஆய்விதழின் நடுவர்கள் பாராட்டியதும் அதைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊருக்கு எழுத வேண்டியது மூன்றாவது. "இதைப் படித்தவர் நாளைக்கு இன்னதைச் செய்வார்" என்று ஒரு வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். பைகார்பனேட் பற்றிப் படித்தவர் எதுவும் செய்ய மாட்டார். பக்கத்து வீட்டுப் போர் நன்றாக இருப்பதால் தன் போரும் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவர், மூன்றாவதைப் படித்தால் தன் தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோவார். வாக்கியம் இப்படி முடிகிற முடிவுதான் உங்கள் கட்டுரை. மற்ற இரண்டும் அதற்குத் துணையாக வந்தால் போதும்.

எந்த முடிவை வைத்தும் வாக்கியம் முடியவில்லை என்றால் அந்த ஆய்வை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். எல்லா ஆய்வும் ஊருக்கு எழுத ஏற்றதல்ல. அதில் குறை ஒன்றுமில்லை.

எழுதும் முன் கேட்க வேண்டியவர்கள்

ஆய்விதழில் வெளிவராத முடிவைப் பத்திரிகைக்கு முதலில் கொடுக்காதீர்கள். வேறெங்கும் வெளிவந்த முடிவை ஏற்க மறுக்கும் ஆய்விதழ்கள் உண்டு. அதைவிட முக்கியம், நடுவர் பார்வைக்குப் பின் எண்கள் மாறலாம். கூட்டு ஆசிரியர்களுக்கு வரைவை அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மாதிரி எடுக்க வெயிலில் அலைந்த ஆய்வு மாணவரின் பெயரைக் கட்டுரைக்குள்ளேயே சொல்லுங்கள். அரசுக் கல்லூரி என்றால் நடத்தை விதிகள் பற்றி முதல்வரிடம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழில் வந்த வரைபடத்தின் காப்புரிமை பெரும்பாலும் பதிப்பகத்திடம் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போடாமல் அதே தரவை வைத்துப் புதிதாக, எளிமையாக வரைந்துவிடுங்கள்.

கிணற்றுக்காரர்களிடம் சொல்வதற்குத்தான் உண்மையில் நேரம் ஒதுக்க வேண்டும். தங்கள் போரில் 3.8 இருக்கிறது என்பதை ஒரு குடும்பம் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. கட்டுரை வருவதற்கு முன் 21 வீடுகளுக்கும் போய்ச் சொல்லுங்கள், ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கட்டுரையில் ஒன்றியத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்பது வீடு உள்ள சிற்றூரின் பெயரைப் போட்டால், யாருடைய போர் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நிலத்தின் விலையிலிருந்து கல்யாணப் பேச்சு வரை அது போய் நிற்கலாம். மாதிரி கொடுத்தவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவர்கள். அடுத்த ஆய்வுக்கும் அவர்கள் வாசலில்தான் நிற்கப் போகிறீர்கள்.

உங்கள் பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

கட்டுரையைப் படித்த ஒருவர் உங்கள் பெயரைத் தேடினால் நீங்கள்தான் வர வேண்டும். தலைப்பெழுத்தோடு பெயர் வைத்திருக்கும் நமக்கு இது தானாக நடப்பதில்லை.

பழனிசாமியின் மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் P. Murugesan. இன்னொன்றில் Murugesan P. மூன்றாவது ஆய்விதழ் 'குடும்பப் பெயர்' கட்டத்தை நிரப்பாமல் விடாது; அங்கே அப்பா பெயரைப் போட்டால் மேற்கோள்களில் Palanisamy M. என்று வந்துவிடும். அப்புறம் அதே துறையில் இன்னும் பல P. Murugesanகள் இருப்பார்கள். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறிய பெண் ஆசிரியர்களுக்கு முதல் பாதி ஒரு பெயரில், மறுபாதி இன்னொரு பெயரில் நிற்கும்.

இதற்குத்தான் ஆர்கிட் எண். orcid.org தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க அடையாளம் அது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. பதியும்போது முதல் பெயர் மட்டும்தான் கட்டாயம். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். 'Published name' என்ற இடத்தில் இனிமேல் எல்லா இடத்திலும் பயன்படுத்தப் போகும் ஒரே வடிவத்தைக் கொடுங்கள். 'Also known as' என்ற இடத்தில் இதுவரை வந்த எல்லா வடிவங்களையும், தமிழில் எழுதும் பெயரையும் சேர்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயரைச் சேர்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் தமிழ்க் கட்டுரையையும் ஆங்கில ஆய்வையும் இணைப்பது அதுதான். பிறகு ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையையும் அதன் டிஓஐ எண்ணைக் கொடுத்துச் சேருங்கள். பத்திரிகைக் கட்டுரைக்கென்று அங்கே தனி வகை இருக்கிறது. தமிழ்க் கட்டுரை வெளிவந்ததும் அதில் சேர்க்கலாம்.

கூகுள் ஸ்காலர் சுயவிவரத்தில் வேறு மாதிரிச் சிக்கல். உங்கள் பெயரை ஒத்த இன்னொருவரின் கட்டுரைகளை அது தானாக உங்கள் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். வேதியியல் ஆசிரியரின் பட்டியலில் இதய அறுவை சிகிச்சைக் கட்டுரை நின்றால் பார்க்கிறவருக்கு மொத்தப் பட்டியலின் மேலும் சந்தேகம் வரும். அமைப்புகளில் போய், தானாகச் சேர்க்க வேண்டாம், மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கலாம் என்று மாற்றிவிடுங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியால் உறுதிசெய்துவிடுங்கள். அப்போதுதான் சுயவிவரம் தேடல் முடிவுகளில் வரும். இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் வித்வான் தளத்திலும் ஒரு பதிவு இருக்கட்டும். மூன்று இடமே போதும். இன்னும் பத்து இடத்தில் கணக்குத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட இந்த மூன்றும் சரியாக இருப்பது மேல்.

எழுதுவது

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழாக்கினால் இப்படி வரும்: "ஆய்வுப் பகுதியிலிருந்து சேகரிக்கப்பட்ட 60 நிலத்தடி நீர் மாதிரிகளில் 35 சதவீதத்தில் ஃபுளோரைடு செறிவு அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறியுள்ளது கண்டறியப்பட்டது, சராசரி 1.3 மி.கி./லி." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஊரில் படிப்பவர் இரண்டு இடத்தில் தவறாகப் புரிந்துகொள்வார்.

ஒன்று, 35 சதவீதம். தண்ணீரில் 35 சதவீதம் ஃபுளோரைடு என்று படிப்பவர் உண்டு. ஒன்றியத்தில் 35 சதவீதம் பேருக்கு நோய் என்று படிப்பவரும் உண்டு. '60 போர்களில் 21' என்றால் எதை எண்ணினோம் என்பது எண்ணோடு சேர்ந்தே வந்துவிடும். முடிந்த இடத்திலெல்லாம் சதவீதத்தை இப்படி எண்ணிக்கையாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சராசரி. 1.3 என்பது 1.5க்குக் கீழே இருக்கிறது. ஆகவே பிரச்சினை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சராசரித் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. ஒரு வீடு 0.7ஐக் குடிக்கிறது, அடுத்த தெரு 2.6ஐக் குடிக்கிறது. கிணற்றுக்குக் கிணறு மாறுகிற விஷயத்தில் சராசரியைத் தூக்கிவிட்டு, குறைந்ததையும் கூடியதையும் சொல்லுங்கள்.

விகிதத்தை மட்டும் சொல்வது எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு 1995இல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. உண்மையில் அந்த 'இரண்டு மடங்கு' என்பது சுமார் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆனதுதான். எதிலிருந்து எதற்கு என்று சொல்லாமல் 'மடங்கு' என்ற சொல்லைப் பத்திரிகையில் எழுதாதீர்கள்.

சரி, நம் ஆசிரியர் எழுதினால் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"பக்கத்து வீட்டுப் போர் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து உங்கள் போரையும் நம்பிவிட வேண்டாம். எங்கள் ஒன்றியத்தில் 60 ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரை மே மாதம் எடுத்துச் சோதித்தோம். 21 கிணறுகளில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. குடிநீரில் அதற்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆயிரம் லிட்டர் மாடித்தொட்டியில் கால் டீஸ்பூன் உப்பைப் போட்ட மாதிரி. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. 200 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு போர்களில் ஒன்றில் 0.7, இன்னொன்றில் 2.6. தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக வருகிறது. எந்த வெடிப்பில், எந்தப் பாறையோடு எவ்வளவு காலம் தங்கி வந்தது என்பதைப் பொறுத்து ஃபுளோரைடு கூடும், குறையும். காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும்போது மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும்."

பைகார்பனேட், தொடர்புக் கெழு எதுவும் இதில் இல்லை. காரணம் மட்டும் ஒரு வரியில் நிற்கிறது, பாறை வெடிப்பு என்ற பெயரில். போர் போடுகிறவர்கள் வெடிப்பைப் பற்றித் தினமும் பேசுகிறவர்கள்; அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உப்பு உவமையின் கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1.5 மில்லிகிராமை ஆயிரத்தால் பெருக்கினால் 1.5 கிராம், ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம். உவமை கணக்கில் நிற்கவில்லை என்றால் துறைக்காரர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு முழுக் கட்டுரையையும் தள்ளிவிடுவார்.

இந்தியத் தர அளவில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1.0 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காதபோது 1.5 வரை. இரண்டையும் தொடக்கத்திலேயே கொட்டினால் படிப்பவர் குழம்புவார். 1.5ஐ வைத்து எழுதிவிட்டு, தன் சோதனை முடிவைப் படிப்பது பற்றிச் சொல்லும் இடத்தில் 1.0ஐக் கொண்டுவரலாம்.

அடுத்து, என்ன செய்யலாம் என்பது. இதில் உங்கள் துறைக்குள் நிற்பதை மட்டும் சொல்லுங்கள். குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொண்டு போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்கப் பயன்படுத்தலாம். சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டி ஃபுளோரைடை எடுக்காது, ஆர்ஓ எடுக்கும். இவையெல்லாம் வேதியியல் ஆசிரியர் தயங்காமல் சொல்லக்கூடியவை. நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும் என்பதையும் சொல்லலாம். முட்டி வலி இதனால்தானா, என்ன மாத்திரை போடலாம் என்பதற்குள் போகாதீர்கள்.

ஆய்வின் வரம்புகளைக் கடைசிப் பத்தியில் மன்னிப்புக் கேட்பது மாதிரி வைக்க வேண்டாம். முடிவைச் சொன்ன கையோடு சொல்லிவிடுங்கள்: கோடையில் மட்டும் எடுத்தோம், மழைக்குப் பின் அளவு மாறலாம், மாதிரி கொடுக்கச் சம்மதித்தவர்களின் கிணறுகளைத்தான் எடுத்தோம், ஆகவே மாவட்டம் முழுவதுக்கும் '60க்கு 21' என்ற கணக்கைப் பொருத்த முடியாது. இதை நீங்களே எழுதவில்லை என்றால், 'மாவட்டத்தில் மூன்றில் ஒரு கிணறு நஞ்சு' என்று அடுத்தவர் எழுதுவார்.

படிக்கக் கொடுத்துப் பாருங்கள்

வரைவை சக ஆசிரியரிடம் கொடுத்தால் எழுத்துப்பிழை பார்த்துத் தருவார். ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டரிடம் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "புரிந்தது சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "அண்ணே, இதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். "போர் தண்ணியே ஆகாதாம்" என்று அவர் சொன்னால் கட்டுரை தவறாகப் போய்ச் சேருகிறது. 39 கிணறுகள் வரம்புக்குள்தான் இருந்தன என்ற வாக்கியம் மேலே வர வேண்டும். "ஒவ்வொரு போரா பார்த்தாத்தான் தெரியுமாம்" என்றால் அனுப்பலாம்.

அனுப்புவது

நாளிதழின் மாவட்டப் பதிப்பு, மாத இதழ், உள்ளூர் வானொலி என்று இடங்கள் உண்டு. முதல் கட்டுரைக்கு மாவட்டப் பதிப்பு நல்லது, சம்பந்தப்பட்டவர்கள் படிப்பது அதைத்தான். அனுப்பும் முன் எத்தனை சொல் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால் அந்தப் பக்கம் திறக்கும்போது குறிகளாகத் தெரியும்.

தலைப்பு ஆசிரியர் குழுவின் கையில் இருக்கிறது. உங்கள் தலைப்பை அவர்கள் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் "அச்சுக்குப் போகும் முன் தலைப்பை மட்டும் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்கலாம். 'தர்மபுரியில் விஷத் தண்ணீர்' என்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் நிற்பது தலைப்புதான்.

கட்டுரையின் அடியில் உங்களைப் பற்றி வரும் இரண்டு வரியையும் நீங்களே எழுதி அனுப்புங்கள். வாங்கிய பட்டங்களும் விருதுகளும் வேண்டாம். "இன்ன கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். தர்மபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி ஆய்வு செய்கிறார்" என்பது போதும். யாரை எதற்குக் கேட்கலாம் என்பது இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கட்டுரை வந்தபின் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர்கள் உங்களைத் தேடி வரலாம். உங்கள் பெயரை விளம்பரத்துக்கும் கேட்கலாம். ஒருமுறை சம்மதித்துவிட்டால் உங்கள் அடுத்த ஆய்வை ஊர் அந்தக் கம்பெனியின் ஆய்வாகத்தான் பார்க்கும்.

கட்டுரை வந்த பிறகு

நிருபர் ஒருவர் கூப்பிடுவார். பேசும் முன் மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன கண்டோம், எதைச் சொல்ல முடியாது, மக்கள் என்ன செய்யலாம். கேள்வி எங்கே போனாலும் இந்த மூன்றுக்கே திரும்பி வாருங்கள். பல் கறையை எப்படிப் போக்குவது என்று கேட்டால், அது பல் மருத்துவர் சொல்ல வேண்டியது என்று சொல்லி, தெரிந்த ஒருவரின் எண்ணை அவர் சம்மதத்தோடு கொடுங்கள். இப்படிச் சரியான ஆளிடம் அனுப்பிவைப்பவரைத்தான் நிருபர்கள் மறுபடி கூப்பிடுவார்கள்.

எண் ஏதாவது தவறாக அச்சாகியிருந்தால் அன்றைக்கே திருத்தம் கேட்டு எழுதுங்கள். 0.7 என்பது 7 என்று வந்திருந்தால் அது ஒரு புள்ளிப் பிழை என்று விட்டுவிட முடியாது.

பொதுமக்களும் கூப்பிடுவார்கள். "எங்க போரையும் பார்த்துத் தர முடியுமா சார்?" என்பதுதான் அதிகம் வரும். எல்லாவற்றையும் உங்கள் ஆய்வகத்தில் ஏற்றுக்கொள்ள முடியாது. குடிநீர் வாரிய ஆய்வகத்தின் முகவரி, கட்டணம், மாதிரியை எதில் எப்படி எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்து ஒரு தாளில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஃபுளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டிலைத் தவிர்த்துச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்கச் சொல்லுங்கள். போரை சில நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "மாட்டுக்கு இந்தத் தண்ணீரைக் காட்டலாமா?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தால், அடுத்த கட்டுரை அதுதான். உங்கள் தரவில் அதற்குப் பதில் இல்லை என்பதால் தனியாக எழுத வேண்டாம். கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட்டு ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள்.